45 நிமிட ஆன்லைன் வகுப்பு: தனியாகப் பெயர் கூப்பிடாமல் குறும்பணிகளை வைத்தே அட்டெண்டன்ஸ் எடுக்க முடியுமா?

மின்மினி:
வணக்கம். மாலை டியூஷன் ஒன்றில் பத்தாம் வகுப்புக்கு அறிவியல் எடுக்கிறேன். வாரத்தில் மூன்று நாள், இரவு 7 முதல் 7.45 வரை, கூகுள் மீட்டில், இலவசக் கணக்கில். மொத்தம் 38 பேர். கிட்டத்தட்ட எல்லாருமே போனில்தான் வருகிறார்கள், கேமரா எப்போதும் ஆஃப்.

பெயர் கூப்பிட்டு அட்டெண்டன்ஸ் எடுக்கவே ஐந்தாறு நிமிடம் போய்விடுகிறது. "எஸ் மிஸ்" சொன்னதும் பாதிப் பேர் போனைக் கீழே வைத்துவிட்டுப் போகிறார்கள் என்பது என் சந்தேகம். நிர்வாகத்துக்கோ அன்றிரவே வந்தவர் யார், வராதவர் யார் என்ற பட்டியல் வேண்டும்.

அடுத்த வாரம் 'மின்னோட்டவியல்' பாடத்தில் தொடர் இணைப்பும் பக்க இணைப்பும் நடத்தப் போகிறேன். இப்போதைக்கு நான் போட்ட திட்டம் இது: 7.00–7.06 அட்டெண்டன்ஸ். 7.06–7.35 ஸ்லைடு வைத்துப் பாடம். 7.35–7.45 கூகுள் ஃபார்மில் பத்துக் கேள்வி. நடுவில் அரை மணி நேரம் நான் மட்டும் பேசுகிறேன் என்பது எனக்கே இடிக்கிறது. இதை எப்படி உடைக்கலாம்? காசு கட்டும் ஆப் எதுவும் வேண்டாம்.

நெட்வொர்க்நண்பன்:
இதுக்கு ஏன் மிஸ் இவ்வளவு யோசனை? மீட்டிலேயே அட்டெண்டன்ஸ் ரிப்போர்ட் இருக்கிறது. மீட்டிங் முடிந்ததும் யார் எப்போது வந்தார், எப்போது போனார் என்று உங்கள் மெயிலுக்கு வந்துவிடும். எங்கள் ஆபீஸில் அப்படித்தான். அதை அப்படியே நிர்வாகத்துக்கு அனுப்பி விடுங்கள். வகுப்பில் வழக்கம்போலப் பாடம் நடத்துங்கள்.

மின்மினி:
எனக்கு அப்படி எந்த மெயிலும் வந்ததில்லையே. செட்டிங்கில் தேடியும் காணோம்.

சாக்பீஸ்:
வராது டீச்சர். அந்த ரிப்போர்ட் கட்டணம் கட்டும் சில ஆபீஸ் கணக்குகளிலும் சில கல்விக் கணக்குகளிலும் மட்டும்தான் உண்டு. நண்பருக்கு ஆபீஸ் கணக்கில் வருகிறது, உங்கள் ஜிமெயிலில் வராது. மீட்டுக்குள்ளேயே ஓட்டெடுப்பு வைக்கும் வசதியும் அப்படித்தான். உங்களிடம் இருப்பது சாட், ஸ்கிரீன் ஷேர், ஃபார்ம் மூன்றும்தான். அது போதும்.

அந்த ரிப்போர்ட் கிடைத்தாலும் உங்கள் பிரச்சினை தீராது. போன் வகுப்பில் இருந்தது என்று அது சொல்லும், பையன் இருந்தானா என்று சொல்லாது. பெயரைப் பார்த்தால் பாதி அப்பா பெயராக இருக்கும்.

உங்கள் திட்டத்தில் கடைசிப் பத்துக் கேள்வியை எடுத்துவிட்டு, மூன்று ஒற்றைக் கேள்விகளாக வகுப்பு முழுக்கப் பரப்பி வையுங்கள். தொடக்கத்தில் ஒன்று, நடுவில் ஒன்று, முடிவில் ஒன்று. மூன்றில் இரண்டுக்கு விடை அனுப்பியவர் வந்தவர். விடை தப்பாக இருந்தாலும் வந்தவர்தான். இதை முதல் நாளே பிள்ளைகளிடம் தெளிவாகச் சொல்லிவிட வேண்டும். தப்பு விடைக்கு ஆப்சென்ட் என்று நினைத்தால் பக்கத்தில் இருப்பவரிடம் கேட்டுத்தான் அனுப்புவார்கள், உங்களுக்கு ஒன்றும் தெரியாமல் போய்விடும். மூன்றுக்கு மூன்று என்று கேட்காதீர்கள். நெட் போகும், கரண்ட் போகும், அதற்கு ஒன்று விட்டுவைக்க வேண்டும்.

உங்கள் பாடத்தையே எடுத்துப் போட்டுப் பார்க்கிறேன்.

7.00. பிள்ளைகள் உள்ளே வரும்போதே திரையில் ஒரு கணக்கு இருக்கட்டும். 12 வோல்ட் மின்கலம், 4 ஓம் மின்தடை, மின்னோட்டம் எவ்வளவு? இது பழைய பாடம், ஓம் விதி. வந்தவர் உடனே செய்யத் தொடங்கலாம், தாமதமாக வருபவருக்காக யாரும் காத்திருக்க வேண்டாம். 7.07-க்கு மூடிவிடுங்கள். 3 என்று வந்தால் சரி. 48 வந்தால் பெருக்கியிருக்கிறான். 0.33 வந்தால் தலைகீழாக வகுத்திருக்கிறான். யாருக்கு எது மறந்திருக்கிறது என்று பாடம் தொடங்கும் முன்பே தெரிந்துவிடும்.

7.07. தொடர் இணைப்பு. இதில் அதிக நேரம் வேண்டாம், கூட்டல்தானே. பழைய சீரியல் பல்பில் ஒன்று போனால் ஏன் எல்லாம் அணைகிறது என்று கேட்டுவிட்டு நகர்ந்து விடலாம்.

7.15. சூத்திரம் சொல்வதற்கு முன் ஒரு ஊகக் கேள்வி. 6 ஓமும் 3 ஓமும் பக்க இணைப்பில் இருக்கின்றன, தொகுபயன் மின்தடை எங்கே இருக்கும்? 1) 9 ஓம். 2) மூன்றுக்கும் ஆறுக்கும் நடுவில். 3) மூன்றுக்கும் கீழே. இதைச் சாட்டில் செய்யுங்கள். "எண்ணை டைப் செய்து வையுங்கள், நான் சொல்லும்வரை அனுப்பாதீர்கள்" என்று சொல்லி, ஒரு நிமிடம் கழித்து "இப்போது அனுப்புங்கள்" என்று சொல்லுங்கள். எல்லா விடையும் ஒரே நேரத்தில் விழும். முதலில் அனுப்பும் கெட்டிக்காரப் பிள்ளையைப் பார்த்து மற்றவர் அதையே போடும் வழக்கம் இதில் எடுபடாது. இதை வருகைக் கணக்கில் சேர்க்காதீர்கள், ஊகத்துக்குப் பயம் இருக்கக் கூடாது.

என் அனுபவத்தில் இரண்டாவது விடைக்குத்தான் ஓட்டு அதிகம் விழும். சராசரி போல ஏதோ வரும் என்று மனசு சொல்லும். இரண்டைத் தேர்ந்த ஒருவரையும் மூன்றைத் தேர்ந்த ஒருவரையும் மைக்கைத் திறந்து காரணம் சொல்லச் சொல்லுங்கள். எது சரி என்று நீங்கள் சொல்ல வேண்டாம். ஹார்வர்டில் இயற்பியல் நடத்திய எரிக் மஜூர் 1990-களின் தொடக்கத்தில் இருந்து செய்துவரும் முறையைத் தழுவியதுதான் இது. அவர் மாணவர்களைத் தங்களுக்குள் வாதாட விட்டு மறுபடி ஓட்டெடுப்பார். 38 போன்களில் அது நடக்காது, இரண்டு பேர் வாதாடி மற்றவர் கேட்டாலே போதும்.

7.17. இப்போது சூத்திரம். 1/6 + 1/3 = 1/2, ஆகவே தொகுபயன் மின்தடை 2 ஓம். மூன்றுக்கும் கீழே. கூடுதலாக ஒரு பாதை திறந்தால் மின்னோட்டம் எளிதாகப் போகும் என்ற விளக்கம் இந்த இடத்தில் தானாகப் பொருந்தும், ஏனென்றால் பாதிப் பேர் தப்பாக ஊகித்துவிட்டுக் காத்திருப்பார்கள்.

7.27. இரண்டாவது ஃபார்ம் கேள்வி. 12 ஓமும் 6 ஓமும் பக்க இணைப்பில். சரியான விடை 4. 0.25 அனுப்பியவர் 1/R-ஐக் கண்டுபிடித்துவிட்டுத் திருப்ப மறந்தவர். 18 அனுப்பியவர் தொடர் இணைப்பில் இருந்து இன்னும் வெளியே வரவில்லை. 9 அனுப்பியவர் சராசரி எடுத்தவர். பாடத்தின் அடுத்த பத்து நிமிடத்தை இந்த விடைகள்தான் தீர்மானிக்க வேண்டும். 0.25 நிறைய இருந்தால் அதே கணக்கைக் கடைசி வரியில் இருந்து மறுபடி போடுங்கள். 18 நிறைய இருந்தால் படத்துக்கே திரும்ப வேண்டும். எல்லாம் 4 என்றால் வீட்டு மின்சுற்று ஏன் பக்க இணைப்பு, ஒவ்வொரு கருவிக்கும் ஏன் 230 வோல்ட் கிடைக்கிறது என்று போகலாம்.

7.40. கடைசிக் கேள்வி, 7.44 வரை.

கேள்வி போட்டதும் பேசாமல் இருங்கள். இதுதான் ஆசிரியர்களுக்குக் கஷ்டம். வகுப்பறையில் கேள்வி கேட்டுவிட்டு நாம் ஒரு வினாடிகூடப் பொறுப்பதில்லை, மூன்று வினாடி பொறுத்தாலே விடைகள் நீளமாகவும் தெளிவாகவும் வருகின்றன என்று மேரி பட் ரோ 1970-களிலேயே எழுதினார். போனில் நோட்டைத் தேடி, கணக்குப் போட்டு, டைப் செய்ய ஒன்றரை நிமிடமாவது வேண்டும். அந்த ஒன்றரை நிமிடமும் நீங்கள் "முடிச்சாச்சா, முடிச்சாச்சா" என்று கேட்டுக்கொண்டே இருந்தால் யாரும் முடிக்க மாட்டார்கள்.

கடைசிபெஞ்ச்:
நான் இப்போது காலேஜ். ஊரடங்கு சமயத்தில் ஆன்லைன் வகுப்பில் படித்த ஆள் என்ற முறையில் எதிர்க்கட்சிக் கருத்தைப் பதிவு செய்கிறேன்.

சாக்பீஸ் சார் திட்டம் நன்றாக இருக்கிறது. ஆனால் எங்கள் செட்டில் தனி வாட்ஸ்அப் குரூப் இருந்தது, ஆசிரியர் இல்லாத குரூப். முறை வைத்து ஒருத்தன் வகுப்பைக் கவனிப்பான், "கேள்வி வந்துடுச்சு, விடை 4" என்று போடுவான். மற்றவர்கள் விளையாட்டில் இருந்து இறங்கி ஃபார்மில் 4 போட்டுவிட்டு மறுபடி ஏறிவிடுவோம். அரை நிமிடம்கூட ஆகாது. உங்கள் மூன்று கேள்விக்கும் இதேதான் நடக்கும்.

சாக்பீஸ்:
தம்பி சொல்வது நடக்கும், நடந்தும் இருக்கிறது. அதனால்தான் கடைசிக் கேள்வியைத் தனியாக விட்டேன்.

ஆளுக்கு ஒரு விடை வரும்படி கேள்வியை அமையுங்கள். வரிசை எண்ணையே மின்தடையாக வைத்துக்கொள்ளலாம். "உங்கள் வரிசை எண் எவ்வளவோ அவ்வளவு ஓம் கொண்ட இரண்டு மின்தடைகள் பக்க இணைப்பில், அதனுடன் தொடரில் ஒரு 5 ஓம். மொத்தம் எவ்வளவு?" வரிசை எண் 17 என்றால் 17-ம் 17-ம் பக்க இணைப்பில் 8.5, அதனுடன் 5 சேர்த்தால் 13.5. வரிசை எண் 30 என்றால் 20. குரூப்பில் "விடை 13.5" என்று போட்டால் மற்ற 37 பேருக்கும் பயன் இல்லை.

கடைசிபெஞ்ச்:
"உன் நம்பரைப் பாதியாக்கி அஞ்சு கூட்டு" என்று போடுவோமே சார் :)

சாக்பீஸ்:
போடுங்கள். சமமான இரண்டு மின்தடைகள் பக்க இணைப்பில் பாதியாகும் என்பதைத்தான் நானும் சொல்லிக்கொடுக்க முயல்கிறேன். அதை ஒருவன் குரூப்பில் 20 பேருக்குச் சொன்னால் எனக்கு ஒன்றும் நஷ்டம் இல்லை.

முழுசாக அடைக்க முடியாது என்பது உண்மைதான். இன்னொன்று செய்யலாம். ஒவ்வொரு கேள்விக்கும் பிறகு இரண்டு வரிசை எண்ணைச் சொல்லி மைக்கைத் திறக்கச் சொல்லுங்கள். "17, எப்படி வந்தது?" என்று மட்டும் கேளுங்கள். சரியான விடை அனுப்பியவர், தப்பு விடை அனுப்பியவர் இருவரையும் கலந்து கூப்பிட வேண்டும், இல்லாவிட்டால் கூப்பிடுவதே தண்டனையாகிவிடும். ஃபார்மில் விடை வந்து, கூப்பிட்டால் ஆள் இல்லை என்பது இரண்டு வகுப்பில் நடந்தால் உங்களுக்குத் தெரிய வேண்டியது தெரிந்துவிடும்.

இரண்டுபிள்ளைஅம்மா:
எல்லாரும் ஆசிரியர் பக்கத்தில் இருந்து பேசுகிறீர்கள். எங்கள் வீட்டில் ஒரே போன், பிள்ளைகள் இரண்டு பேர். பெரியவளுக்கு 7 மணி வகுப்பு, சின்னவனுக்கும் 7 மணி வகுப்பு. அட்டெண்டன்ஸ் போடவில்லை என்று அந்த மிஸ்ஸும் இந்த மிஸ்ஸும் மாறி மாறி மெசேஜ் அனுப்புகிறார்கள். ஒரு போனில் இரண்டு மீட் ஓட்ட ஏதாவது வழி இருக்கிறதா? டேட்டாவும் மதியமே தீர்ந்துவிடுகிறது.

நெட்வொர்க்நண்பன்:
ஒரே போனில் ஒரே நேரத்தில் இரண்டு மீட்டிங் சரிப்பட்டு வராதுங்க. மைக்கும் ஒன்றுதான், ஸ்பீக்கரும் ஒன்றுதான். டேட்டாவுக்கு ஒரு வழி சொல்கிறேன். உங்கள் கேமராவை ஆஃப் செய்து, மீட் செட்டிங்கில் டேட்டா மிச்சப்படுத்தும் வசதியை ஆன் செய்து பாருங்கள்.

மின்மினி:
அக்கா, உங்கள் கேள்விக்கு ஆசிரியர்தான் இறங்கி வர வேண்டும். என் வகுப்பிலும் இப்படி இரண்டு வீடு இருக்கிறது. மூன்றில் இரண்டு என்ற கணக்கு அங்கே உதவுமா என்று யோசிக்கிறேன். அரை வகுப்பு அக்கா, அரை வகுப்பு தம்பி என்றால் இரண்டு பேருக்கும் ஒவ்வொரு விடைதானே வரும்.

யாழ்தேவி:
வணக்கம். நான் யாழ்ப்பாணத்தில் இருந்து எழுதுகிறேன். தரம் 5 பிள்ளைகளுக்குப் புலமைப்பரிசில் வகுப்பு சூமில் செய்கிறேன். எனது பிள்ளைகளுக்கு ஃபார்ம் எல்லாம் சரிவராது. தமிழில் டைப் பண்ண ஒரு சொல்லுக்கு ஒரு நிமிடம் போகும்.

நான் செய்வது இதுதான். கொப்பித் தாளில் பெரிதாக விடையை எழுதி, நான் மூன்று வரை எண்ணினதும் கமராவுக்குக் கிட்டப் பிடிக்கச் சொல்லுவேன். கமராவை அந்தப் பத்து செக்கன் மட்டும் போட்டால் போதும். நான் உடனே ஸ்க்ரீன்ஷாட் ஒன்று எடுப்பேன். அதில் விடையும் இருக்கும், பிள்ளையும் இருக்கும். வகுப்பு முடிந்த பிறகு அந்தப் படத்தைப் பார்த்துத்தான் வரவு போடுகிறேன். நீல மையால் எழுதினால் தெரியாது, கறுப்பு மார்க்கர் வேணும். சில போன்களில் தங்கட படம் கண்ணாடியில் மாதிரித் திரும்பித் தெரியும், அதைப் பார்த்துப் பிள்ளைகள் எழுத்தைத் திருப்பி எழுதப் பார்ப்பினம். எங்களுக்கு நேராகத்தான் தெரியும் என்று முதலே சொல்லிவிட வேணும்.

சூமில் இன்னொரு வசதி உண்டு. சாட்டை ஹோஸ்டுக்கு மட்டும் போகிற மாதிரி மாற்றலாம். அப்ப ஒரு பிள்ளையின் விடை மற்றப் பிள்ளைக்குத் தெரியாது. பெரிய பிள்ளைகள் என்றால் ஃபார்ம் இல்லாமலே சாட்டில் விடை வாங்கி, முடிவில் சாட்டைச் சேமித்து வைத்துக்கொள்ளலாம். ஆனால் இலவசக் கணக்கில் 40 நிமிடத்தில் வகுப்பு அறுந்துபோகும். டீச்சருக்கு 45 நிமிடம் வேணும் எண்டால் மீட்தான் நல்லது.

சாக்பீஸ்:
அருமை. மீட்டில் அந்தத் தனிச் சாட் கிடையாது, எழுதுவது எல்லாருக்கும் தெரியும். அதனால்தான் ஃபார்ம் என்றேன். நேரம் பொறுத்தவரை இலவச மீட்டில் மூன்று பேரோ அதற்கு மேலோ இருந்தால் 60 நிமிடம் வரை போகும், 45-க்குப் பிரச்சினை இல்லை.

மரப்பெஞ்சு:
முப்பது வருஷம் வகுப்பெடுத்து ஓய்வு பெற்றவன் நான். இவ்வளவு சுற்றி வளைப்பானேன்? கேமராவை ஆன் செய், முகத்தைக் காட்டு, இல்லையென்றால் ஆப்சென்ட். அவ்வளவுதான். வகுப்பறையில் முகத்தை மூடிக்கொண்டு உட்கார விடுவோமா? ஃபார்ம், சூத்திரம் எல்லாம் ஆசிரியருக்கு வேலைச்சுமை.

சாக்பீஸ்:
ஐயா, 38 கேமராவும் ஆன் ஆனால் முதலில் போவது டேட்டா இல்லாத பிள்ளைதான். மேலே அந்த அம்மா எழுதியிருப்பதைப் பாருங்கள். ஒரே அறை வீட்டில் பின்னால் சமையலும் சண்டையும் தெரியும்போது பத்தாவது படிக்கும் பெண் கேமரா போட மாட்டாள். முகம் தெரிவதும் கவனிப்பதும் ஒன்று இல்லை என்பதும் உங்களுக்குத் தெரியாததா?

மரப்பெஞ்சு:
தெரியும். ஆனாலும் முகம் தெரியாமல் பாடம் நடத்த எனக்கு மனம் ஒப்பவில்லை. யாழ்ப்பாணத்து ஆசிரியை சொல்லும் பத்து வினாடி ஏற்பாட்டை வேண்டுமானால் ஏற்றுக்கொள்கிறேன். ஆனால் பிள்ளைகளின் படத்தை எடுத்து வைத்துக்கொள்வது பெற்றோருக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

யாழ்தேவி:
ஓம் ஐயா, பெற்றோரிடம் கேட்டுத்தான் எடுக்கிறேன். வரவு பதிந்தவுடன் படத்தை அழித்துவிடுவேன்.

எக்செல்மாமா:
தாமதமாக வருகிறேன். ஃபார்ம் பற்றி யாரும் விவரம் சொல்லவில்லையே, நான் சொல்லிவிடுகிறேன்.

ஒவ்வொரு கேள்விக்கும் புதிய ஃபார்ம் செய்யாதீர்கள். வருஷம் முழுக்க ஒரே ஃபார்ம் போதும். அதில் இரண்டே கட்டம்: வரிசை எண், விடை. கேள்வியை ஃபார்மில் எழுதவே கூடாது. கேள்வி உங்கள் திரையில் மட்டும். ஃபார்ம் லிங்க் வகுப்பு வாட்ஸ்அப் குரூப்பின் விவரத்தில் நிரந்தரமாக இருக்கட்டும். மீட் சாட்டில் லிங்க் போட்டால், பிறகு வந்து சேரும் பிள்ளைக்குப் பழைய சாட் தெரியாமல் போகலாம். "மிஸ் லிங்க், மிஸ் லிங்க்" என்றே ஐந்து நிமிடம் போகும்.

பெயர் கேட்காதீர்கள். ஒரே கார்த்திக் ஒரு நாள் தமிழில், ஒரு நாள் ஆங்கிலத்தில், ஒரு நாள் இனிஷியலோடு எழுதுவான், ஷீட்டில் மூன்று பேராக நிற்பான். வரிசை எண் கட்டத்துக்கு `Response validation` வைத்து 1 முதல் 38 வரை மட்டும் ஏற்கச் செய்யுங்கள். விடைக் கட்டத்திலும் எண் மட்டும். இல்லாவிட்டால் "4 ohm", "நாலு" என்றெல்லாம் வரும். `Limit to 1 response` ஆஃபில் இருக்க வேண்டும். அது ஆனில் இருந்தால் முதல் கேள்விக்குப் பிறகு ஃபார்ம் யாருக்கும் திறக்காது.

எது எந்தக் கேள்விக்கான விடை என்பதை நேரம் சொல்லும். பதில்கள் வந்து விழும் ஷீட்டில் முதல் பத்தி நேரம், இரண்டாவது வரிசை எண், மூன்றாவது விடை. அந்தத் தாளில் எதையும் எழுதாதீர்கள், புதிய பதில் வரும்போது உங்கள் சூத்திரம் இடம் மாறிவிடும். பக்கத்தில் புதிய தாள் ஒன்று திறந்து, A3-இல் இருந்து கீழே 1 முதல் 38 வரை எழுதுங்கள். C1-இல் முதல் கேள்வி தொடங்கிய தேதியும் நேரமும், C2-இல் முடிந்த தேதியும் நேரமும். D, E பத்திகளில் அடுத்த இரண்டு கேள்விகளுக்கு அதே மாதிரி. பிறகு C3-இல் இது:

```
=IF(COUNTIFS('Form Responses 1'!$B:$B,$A3,'Form Responses 1'!$A:$A,">="&C$1,'Form Responses 1'!$A:$A,"<="&C$2)>0,1,0)
```

இதை E40 வரை இழுத்து விடுங்கள். F3-இல்:

```
=IF(SUM(C3:E3)>=2,"வ","இ")
```

அடுத்த வகுப்புக்குத் தாளை நகல் எடுத்து மேலே ஆறு நேரங்களை மட்டும் மாற்றினால் போதும்.

மின்மினி:
ரொம்ப நன்றி மாமா. வீட்டில் நானும் என் தங்கையும் இரண்டு போனில் சோதித்துப் பார்த்தோம். பதில்கள் ஷீட்டில் வந்து நிற்கின்றன, ஆனால் வரவுத் தாளில் எல்லாருக்கும் 0.

எக்செல்மாமா:
பதில் வந்தும் எல்லாருக்கும் 0 என்றால் பெரும்பாலும் நேர மண்டலம்தான் காரணம். பதில் தாளின் முதல் பத்தியைப் பாருங்கள். நீங்கள் அனுப்பிய நேரமும் அதில் இருக்கும் நேரமும் ஒன்றா? வேறாக இருந்தால் ஷீட்டின் `File > Settings` உள்ளே `Time zone` சென்னை, கொல்கத்தா நேரத்தில் இருக்கிறதா என்று பாருங்கள். ஒரு சிலருக்கு மட்டும் 0 என்றால் அது வேறு, அவர்கள் நேரம் கடந்து அனுப்பியிருப்பார்கள்.

C1-இல் வெறும் 19:00 என்று எழுதினாலும் வேலை செய்யாது, தேதியோடு எழுத வேண்டும்.

மின்மினி:
நேர மண்டலமேதான்! ஏதோ அமெரிக்க நேரத்தில் இருந்தது. மாற்றி, புதிதாக அனுப்பிப் பார்த்தேன், சரியாக வருகிறது.

நெட்வொர்க்நண்பன்:
ஒரு சந்தேகம். வராத ஒருவனுடைய வரிசை எண்ணை நண்பன் போட்டால்? ஃபார்மில் மெயில் ஐடியைக் கட்டாயமாக்கி விடலாமே.

எக்செல்மாமா:
ஆக்கலாம். ஆனால் லாகின் கேட்கும், பாதி வீட்டில் அது அப்பா ஐடி. இரண்டு பிள்ளை வீட்டில் இரண்டு பேருக்கும் ஒரே ஐடி. நான் வேண்டாம் என்பேன். ஒரே கேள்விக்கு ஒரே வரிசை எண் இரண்டு முறை வந்திருக்கிறதா என்று பாருங்கள். வரவுத் தாளின் நகல் ஒன்றில், சூத்திரத்தில் வெளியே இருக்கும் `IF`, `>0,1,0` இரண்டையும் எடுத்துவிட்டால் எண்ணிக்கையே வந்துவிடும். 2 வந்தால் ஒன்று, பிள்ளை விடையைத் திருத்தி அனுப்பியிருக்கிறது, அல்லது இன்னொருவர் போட்டிருக்கிறார்.

மின்மினி:
வகுப்பு முடிந்தது. நடந்ததைச் சொல்கிறேன்.

முதல் கேள்விக்கு 33 பேர், இரண்டாவதற்கு 34, கடைசிக்கு 30 பேர் விடை அனுப்பினார்கள். மூன்றும் அனுப்பியவர் 28, இரண்டு அனுப்பியவர் 5, ஒன்று மட்டும் 3, ஒன்றுமே இல்லாதவர் 2. ஆகவே 33 பேர் 'வ', 5 பேர் 'இ'. வகுப்பு முடிந்து பத்து நிமிடத்துக்குள் பட்டியல் நிர்வாகத்துக்குப் போய்விட்டது.

7.15 ஊகக் கேள்விதான் வகுப்பை எழுப்பியது. சாட்டில் ஒரே நேரத்தில் கொட்டியது, 2 என்ற விடைதான் அதிகம். 3 என்று போட்ட பையன் ஒருவன் காரணம் சொன்னான்: "ரெண்டு கவுன்டர் திறந்தா க்யூ சீக்கிரம் நகரும்ல மிஸ்". அதற்குப் பிறகு நான் பெரிதாக விளக்க வேண்டியிருக்கவில்லை.

இரண்டாவது கேள்வியில் 34 பேரில் 9 பேர் 0.25 அனுப்பினார்கள். பழைய முறையில் இது தேர்வுத் தாளில்தான் எனக்குத் தெரிந்திருக்கும். மறுபடி ஒரு கணக்கைக் கடைசி வரியில் இருந்து போட்டேன். அதனால் வீட்டு மின்சுற்றுக்கு நேரம் இல்லை, அடுத்த வகுப்புக்குத் தள்ளிவிட்டேன். கடைசிக் கேள்வியில் 30-இல் 22 பேர் சரி. வரிசை எண் கேள்வி பிள்ளைகளுக்குப் பிடித்திருந்தது, "மிஸ் எனக்கு ஈஸி நம்பர்" என்று ஒரே சத்தம்.

பேசாமல் ஒன்றரை நிமிடம் இருப்பது ரொம்பக் கஷ்டமாக இருந்தது சார். மைக்கை ம்யூட் செய்துவிட்டு உட்கார்ந்தேன்.

இரண்டு பிரச்சினை. ஒன்று, பழைய போன் வைத்திருக்கும் இரண்டு பிள்ளைகளுக்கு ஃபார்மைத் திறந்ததும் மீட் மூடிக்கொள்கிறது. மறுபடி உள்ளே வர நிமிடக் கணக்கில் ஆகிறது.

சாக்பீஸ்:
அவர்கள் சாட்டிலேயே வரிசை எண்ணும் விடையும் போடட்டும். வகுப்பு முடியும் முன் நீங்கள் ஷீட்டில் ஏற்றிவிட வேண்டும், முடிந்ததும் மீட் சாட் போய்விடும். விடை மற்றவருக்குத் தெரியுமே என்றால், நேரம் முடிய ஐந்து வினாடி இருக்கும்போது போடச் சொல்லுங்கள். இரண்டாவது பிரச்சினை?

மின்மினி:
ஒரு விடை மட்டும் அனுப்பிய மூன்று பேர். இரண்டு பேர் முதல் கேள்விக்குப் பிறகு காணோம். அதில் ஒருத்தி கரண்ட் போய்விட்டது, ரூட்டர் அணைந்துவிட்டது என்கிறாள், அவள் தெருவில் இன்னொரு பிள்ளையும் அதையே சொல்கிறது. இன்னொருவன் எதுவும் சொல்லவில்லை. மூன்றாவது பிள்ளை அந்த ஒரே போன் வீடு, நடுவில் மட்டும் வந்தாள். விதிப்படி மூன்று பேரும் 'இ'.

மரப்பெஞ்சு:
விதி என்றால் விதி. இன்று ஒருவருக்குத் தளர்த்தினால் நாளை ஊர் முழுக்கக் கரண்ட் போகும்.

யாழ்தேவி:
எனக்கு அதில் உடன்பாடு இல்லை ஐயா. கரண்ட் போன பிள்ளை அடுத்த நாள் கடைசிக் கணக்கைக் கொப்பியில் செய்து படம் அனுப்பினால் வரவு குடுக்கலாம்தானே. ஒரே போன் வீட்டுப் பிள்ளைக்கும் அப்படியே.

சாக்பீஸ்:
படிப்புக்கு அது சரி. ஆனால் நிர்வாகம் கேட்பது வகுப்பில் இருந்தவர் பட்டியல். 'வ', 'இ' தவிர மூன்றாவதாக ஒரு குறி வைத்து, 'பின்னர் செய்தார்' என்று காட்டலாமா என்று கேட்டுப் பாருங்கள். ஒப்புக்கொள்வார்களா தெரியாது.

இரண்டுபிள்ளைஅம்மா:
அப்படி ஒரு குறி வந்தால் என் மகள் மிஸ்ஸிடமும் சொல்ல வேண்டும். வகுப்பு நேரத்தை 7.45-க்கு மாற்ற முடியுமா என்று யாராவது கேட்டீர்களா?

மின்மினி:
கேட்கவில்லை அக்கா. எங்கள் பக்கத்தில் இரண்டு வீட்டுக்காகக் கேட்டுப் பார்க்கிறேன். 8.30 வரை இழுத்தால் மற்றப் பெற்றோர் என்ன சொல்வார்களோ. மூன்றாவது குறி பற்றி நிர்வாகத்துக்கு எழுதியிருக்கிறேன், பதில் வந்தால் இங்கேயே போடுகிறேன்.